வயிற்றுக்கடியில் ஐந்தாவது கால்

வரப்போரம் ஒரு வெள்ளைப் பசு நிற்கிறது. பின்னால் தென்னைகள், முதுகில் சாய்ந்து விழும் மாலை வெயில், கழுத்து மடிப்பில் மெல்லிய நிழல். கம்ப்யூட்டர் உருவாக்கிப் படத்துக்குள் சேர்த்த பசு என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் கண் மெல்ல வயிற்றுக்குக் கீழே இறங்கும்போது சங்கடம் தொடங்குகிறது. முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால், நடுவில் எந்தத் தோளோடும் எந்தத் தொடையோடும் ஒட்டாமல் இன்னொரு கால்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் வெளிவந்தது. போட்டோஷாப்பின் ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ 2023 மே மாதம் சோதனைப் பதிப்பிலும், அதே ஆண்டு செப்டம்பரில் எல்லோருக்குமான பதிப்பிலும் வந்தது. அன்று முதல், எடுத்த படத்துக்குள் இல்லாத விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துவது யாரும் செய்யக்கூடிய வேலையாகிவிட்டது. இடத்தைத் தேர்ந்து, வேண்டியதை ஒரு வரியில் எழுதினால் போதும். முகம் அழகாகவே வருகிறது. கண்ணில் ஒளி, மூக்கில் ஈரம், காதில் ரோமம் என்று எதிலும் குறை இருக்காது. சொதப்புவது பெரும்பாலும் கால்களில்தான். அதற்கு அடுத்தது உடல் அளவு: குதிரை உயரத்துக்கு நாய், வெள்ளாட்டுக் கால் வைத்த எருமை.

முதல் காரணம், இந்த மென்பொருள்கள் எதைப் பார்த்துக் கற்றன என்பதில் இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டன. இணையத்தில் கிடைத்த ஐந்நூறு கோடிக்கும் மேற்பட்ட படங்களும் அவற்றோடு இருந்த சிறு விளக்கங்களும் சேர்ந்த தொகுப்பு அது. அப்படி ஒரு விளக்கத்தில் “புல்வெளியில் பசு” என்று இருக்கும். “நான்கு கால், அதில் இரண்டு தெரிகிறது” என்று யாரும் எழுதி வைப்பதில்லை. படங்களிலும் கால்கள் முழுதாகத் தெரிவது குறைவு. புல் மறைக்கும். பக்கவாட்டில் நிற்கும் மாட்டின் இந்தப் பக்கத்துக் கால் அந்தப் பக்கத்துக் காலை மறைக்கும். கூட்டமாக நின்றால் பக்கத்து மாட்டின் கால் இதன் வயிற்றுக்கடியில் தெரியும். கன்று குடித்துக்கொண்டிருந்தால் எட்டுக் கால்கள் ஒரே இடத்தில் நிற்கும். இதையெல்லாம் பார்த்த மென்பொருள், மாட்டின் வயிற்றுக்குக் கீழே நெட்டுக்குத்தாகச் சில தூண்கள் இருக்கும் என்று கற்றுக்கொள்கிறது. எத்தனை என்பது அதற்குக் கறாராகத் தெரியாது.

அடுத்தது படம் உருவாகும் விதம். இவ்வகை மென்பொருள் எலும்புக்கூடு போட்டு, அதன் மேல் சதை வைத்து வரைவதில்லை. வெறும் புள்ளிக் குழப்பத்தில் ஆரம்பித்து, அதைப் படிப்படியாகச் சலித்து நீக்குகிறது. முதல் சில படிகளிலேயே பெரிய வடிவங்கள் முடிவாகிவிடும்: இங்கே உடல், அங்கே தலை, கீழே கால் போன்ற சில கறைகள். பிந்தைய படிகள் அந்தக் கறைகளுக்கு ரோமமும் குளம்பும் பூசுகின்றன. ஆரம்பத்தில் தவறுதலாக ஐந்து கறைகள் விழுந்துவிட்டால் யாரும் அதைத் திருப்பி எண்ணிப் பார்ப்பதில்லை. ஐந்தாவது கறைக்கும் நல்ல குளம்பு கிடைத்துவிடும். ஒவ்வொரு காலும் தனித்தனியே பார்த்தால் சரியாக இருப்பதும், கூட்டிப் பார்த்தால் மட்டுமே தப்பு தெரிவதும் இதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் நடைமுறையில் அதிகம் கெடுக்கிறது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் படத்தை அப்படியே கையாள்வதில்லை. எட்டுப் பிக்சல் நீளமும் எட்டுப் பிக்சல் அகலமும் கொண்ட ஒவ்வொரு சதுரத்தையும் ஒரே கட்டமாகச் சுருக்கி, அந்தச் சிறிய கட்டப்படத்தில்தான் வேலை செய்கிறது. 512-க்கு 512 பிக்சல் படம் உள்ளே 64-க்கு 64 கட்டமாகிவிடும். முகம் பல கட்டங்களைப் பிடிக்கும், அதனால் பிழைத்துக்கொள்ளும். குளம்புக்கு மேலே உள்ள மெலிந்த காலுக்கோ பல நேரம் ஒரு முழுக் கட்டம்கூடக் கிடைக்காது. சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டையால் புருவம் எழுதச் சொன்ன கதைதான்.

மேலே சொன்ன வயல் படத்தையே எடுத்துக்கொள்வோம். 6000-க்கு 4000 பிக்சல் அளவுள்ள சாதாரண கேமராப் படம். அதில் பசு 450 பிக்சல் உயரம் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 7 செ.மீ. தடிமனுள்ள கீழ்க்கால் 24 பிக்சல் வரும். முழுப் படத்தையும் 1024 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி மென்பொருளிடம் கொடுத்தால், பசுவின் உயரம் 77 பிக்சலாகிவிடும். கீழ்க்காலுக்கு மிஞ்சுவது நான்கே பிக்சல், அதாவது அரைக் கட்டம். அரைக் கட்டத்தில் கால் ஒன்றா இரண்டா என்று எந்த மென்பொருளும் தீர்மானிக்க முடியாது. அதே பசுவைச் சுற்றி மட்டும் 1024-க்கு 1024 பிக்சல் துண்டை வெட்டியெடுத்து, சுருக்காமல் கொடுத்தால் கீழ்க்காலுக்கு மூன்று கட்டம் கிடைக்கும். மாற்றியது துண்டின் அளவை மட்டும்தான். கால் பிழைகள் அதிலேயே வெகுவாகக் குறைந்துவிடும்.

ஜெனரேட்டிவ் ஃபில்லிலும் இதே கதை வேறு வடிவத்தில் உண்டு. தொடக்கக் காலத்தில் அது ஒரு பக்கத்துக்கு 1024 பிக்சல் வரைதான் உருவாக்கும். செலக்‌ஷன் அதைவிடப் பெரிதாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்கி வைக்கும். பிந்தைய பதிப்புகளில் இந்த அளவு கூடியிருக்கிறது. என்றாலும் “எங்காவது ஒரு மாடு வரட்டும்” என்று படத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் செலக்ட் செய்தால், மங்கலான உடலும் குச்சிக் கால்களும்தான் இன்றும் வாய்க்கும்.

உடல் அளவு கெடுவதற்குச் செலக்‌ஷனின் வடிவமே முக்கியக் காரணம். படத்தில் தூரம் எவ்வளவு, ஒரு பசு எவ்வளவு உயரம் என்று மென்பொருள் அளந்து பார்ப்பதில்லை. கொடுத்த இடத்தை நிரப்பப் பார்க்கிறது. அகலமாகவும் குட்டையாகவும் இடம் கொடுத்தால் கால் குறுகிய பசு வரும். குளம்போடு ஒட்டிச் செலக்‌ஷன் முடிந்துவிட்டால் கால்கள் தரையில் புதைந்தோ பாதியில் நின்றோ போகும். செலக்‌ஷன் ஓரத்தில் வேலிக்கம்போ ஒரு மனிதரின் காலோ இருந்தால், அதையும் மாட்டின் காலாக இழுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஆக, திருத்தம் என்பது படம் வந்த பிறகு தொடங்குவதில்லை. பசு எங்கே நிற்கும், அங்கே அதன் உயரம் எவ்வளவு என்பதை முதலில் அளந்துவிட வேண்டும். இதற்கு ஓவியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. சமதளத்தில் எடுத்த படத்தில் அடிவானக் கோடு கேமராவின் உயரத்தில்தான் அமையும். தரையில் நிற்கும் எந்தப் பொருளையும் அந்தக் கோடு அதே உயரத்தில்தான் வெட்டும். கேமரா தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பசுவின் குளம்பு பட வேண்டிய புள்ளியிலிருந்து அடிவானக் கோடு வரை 520 பிக்சல் இருந்தால், அந்த 520 பிக்சல்தான் அந்த இடத்தில் 150 செ.மீ. பசுவின் முதுகு உயரம் 130 செ.மீ. என்றால் அது 450 பிக்சல். பசுவை முன்னால் கொண்டுவந்து, குளம்பை அடிவானத்துக்கு 900 பிக்சல் கீழே வைத்தால் உயரம் 780 பிக்சலாகும்.

இந்தக் கணக்கு கைகொடுக்கும் இன்னோர் இடம் பிழை கண்டுபிடிப்பது. கேமராவைவிடக் குட்டையான விலங்கின் முதுகு, அதைச் சமதளத்தில் எங்கே நிறுத்தினாலும், அடிவானத்துக்கு மேலே எழவே கூடாது. எழுந்தால் அந்தப் பசு ராட்சதப் பசு. அடிவானம் மரங்களால் மறைந்திருந்தால், சாலையின் இரண்டு ஓரங்களையோ இணையாகப் போகும் இரண்டு வரப்புகளையோ நீட்டிப் பார்க்க வேண்டும். அவை சந்திக்கும் புள்ளி அடிவானத்தில்தான் இருக்கும். மேடு பள்ளமான நிலத்தில் இந்த வழி செல்லாது. அங்கே பக்கத்தில் நிற்கும் ஆளையோ கதவையோ வைத்துத்தான் மதிப்பிட முடியும்.

உயரம் கிடைத்ததும் அந்த அளவுக்கு ஒரு கச்சா உருவத்தைப் புதிய லேயரில் வரைந்துகொள்வது அடுத்த வேலை. அழகு தேவையில்லை. வெள்ளை நிறத்தில் உடல், திமில், தலை; கீழே நான்கே நான்கு பட்டைகள். புள்ளிக் குழப்பத்திலிருந்து மென்பொருள் தானாக ஊகிக்க வேண்டியிருந்த பெரிய வடிவத்தை மனிதர் முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுப்பதுதான் இதன் பயன். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் `Denoising strength` என்ற அளவு, கொடுத்த உருவத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அதை 1-இல் வைத்தால் வரைந்தது அழிந்துவிடும், 0.3-இல் வைத்தால் பட்டை பட்டையாகவே நிற்கும். கச்சா ஓவியத்துக்கு 0.6 சுற்றி வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். இன்னும் கறாராக வேண்டும் என்றால் கண்ட்ரோல்நெட் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட இந்தத் துணைக்கருவி, கையால் இழுத்த கோடுகளையே உருவத்தின் எல்லையாக எடுத்துக்கொள்ளும். போட்டோஷாப்பில் வேலை செய்பவர்கள் குறைந்தபட்சம் செலக்‌ஷனைச் சதுரமாகப் போடாமல் பசுவின் வடிவத்திலேயே போடலாம். தலைக்கு மேலேயும் குளம்புக்குக் கீழேயும் சற்றே இடம் விட வேண்டும். கீழே விடும் இடம் நிழலுக்கு.

எழுதும் குறிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. வெறுமனே `cow` என்று எழுதினால் திமிலில்லாத, கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட சீமைப் பசு வந்து நிற்பதுண்டு. எந்த இனம், எந்தப் பக்கம் பார்க்கிறது, நிற்கிறதா நடக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டும்:

```
white humped zebu cow, side view, standing still on dry soil, evening light
```

“ஐந்து கால் வேண்டாம்” என்று இதே குறிப்பில் எழுதுவது பயன் தராது. மறுப்பை இவை சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. கால் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூடுதல் காலைத் தந்தாலும் தரும். நடக்கும் பசுவைவிட நிற்கும் பசு பாதுகாப்பானது. நடையில் கால்கள் ஒன்றையொன்று கடக்கின்றன, கடக்கும் இடத்தில்தான் எண்ணிக்கை குழம்புகிறது.

நடையில் தடுமாறியது கம்ப்யூட்டர் மட்டுமல்ல. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-இல் வரைந்த எப்ஸம் குதிரைப் பந்தய ஓவியத்தில், பாயும் குதிரைகளின் முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் விரிந்து, உடல் காற்றில் மிதக்கிறது. அக்காலத்தில் பலர் அப்படித்தான் வரைந்தார்கள். 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் ஓடும் குதிரையைப் படமெடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அப்போது கால்கள் விரிந்திருப்பதில்லை. வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருக்கின்றன. மென்பொருளின் தப்பு வேறு மாதிரி. இரண்டு வெவ்வேறு கணங்களின் கால்களை ஒரே உடலில் ஒட்டிவிடுகிறது.

இனி, வந்த பசுவைச் சோதிக்கும் முறை. போட்டோஷாப் பெரும்பாலும் மூன்று மாதிரிகளைத் தரும். முகத்தைப் பார்த்து மயங்கித் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உடலின் நீளம், முதுகின் உயரம், திமிலின் இடம் ஆகியவை சரியாக இருக்கும் மாதிரியை எடுக்க வேண்டும். காலைத் தனியாகத் திருத்திவிடலாம். உடல் கோணினால் மொத்தமும் போச்சு.

தேர்ந்ததும் அந்த உருவத்தை ஒரு நகல் லேயரில் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பது நல்ல உத்தி. ரோமமும் வெளிச்சமும் மறைந்ததும் கண்ணை ஏமாற்ற எதுவும் மிச்சமிருக்காது. பிறகு ஒவ்வொரு குளம்பிலும் விரலை வைத்து மேலே போக வேண்டும். அது தோளிலோ இடுப்பிலோ போய்ச் சேர வேண்டும். வயிற்றின் நடுவில் போய் முட்டும் கால் அந்நியக் கால். ஒரே தோளில் இரண்டு கால் சேர்ந்தாலும் அப்படியே.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கால் தப்பாக இருக்கலாம். நிற்கும் பசுவின் முன்கால் ஏறக்குறைய நேரான தூண். பின்காலில் மட்டும் நடுவே ஒரு மூட்டு வாலை நோக்கிப் பின்னால் துருத்தியிருக்கும். பார்ப்பவர்கள் அதைத் திருப்பி வைத்த முழங்கால் என்று நினைப்பார்கள். உண்மையில் அது கணுக்கால். மாடு நிற்பது விரல் நுனியில். அதன் உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் பாதி மறைந்திருக்கிறது. மென்பொருள் அடிக்கடி செய்யும் பிழை, பின்காலுக்கும் முன்காலைப் போலவே நேர்த்தூணை வைத்துவிடுவது. நான்கு கால் மேசை போலப் பசு நின்றால் இதுதான் கோளாறு.

கூடுதல் கால் இருந்தால் அதன் மேலேயே மறுபடி உருவாக்கச் சொல்லக் கூடாது. பழைய காலின் சாயல் அங்கே இருக்கும்வரை புதிதாக வருவதும் காலாகவே வரும். முதலில் `Remove Tool` அல்லது `Clone Stamp` கொண்டு அதை அழித்து, அங்கே மண்ணையும் புல்லையும் கொண்டுவர வேண்டும். பிறகு வயிற்றின் கீழ்க்கோட்டை ஒட்டி மெல்லிய செலக்‌ஷன் போட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி உருவாக்கினால் தடம் தெரியாது.

மூட்டு தப்பான காலை மாற்றும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கான ஆட்டோமேட்டிக்1111 என்ற பிரபலமான பயன்பாட்டில் `Only masked` என்ற தேர்வு உண்டு. மாஸ்க் போட்ட இடத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, திருத்தி, சுருக்கி மீண்டும் ஒட்டும். காலுக்கு நிறையக் கட்டங்கள் கிடைக்கும் என்பதால் இந்த வேலைக்கு அது அருமையானது. ஆனால் குறிப்பில் பழையபடி பசு என்றே எழுதியிருந்தால், கால் இருந்த இடத்தில் ஒரு குட்டிப் பசு முழுசாக வந்து நிற்கும். பெரிய பசு பக்கத்தில் இருப்பது அந்த வெட்டிய துண்டுக்குள் தெரியாததால் வரும் வினை இது. குறிப்பை `hind leg of a cow, hoof on soil` என்று மாற்ற வேண்டும். சுற்றியுள்ள எவ்வளவு இடத்தைச் சேர்த்து வெட்டுவது என்பதைச் சொல்லும் `Only masked padding, pixels` அளவையும் வழக்கமான 32-இலிருந்து 200 போல ஏற்றி, உடலும் மற்றக் கால்களும் துண்டுக்குள் தெரியும்படி செய்ய வேண்டும். மாஸ்க் தொடையில் தொடங்கிக் குளம்புக்குச் சற்றுக் கீழே முடியட்டும். ஒரு நேரத்தில் ஒரு கால்.

கால் சரியான வடிவில் இருந்து, குட்டையாக மட்டும் இருந்தால் மறுபடி உருவாக்கவே தேவையில்லை. கால்களை மட்டும் செலக்ட் செய்து `Free Transform` கொண்டு கீழே இழுத்தால் போதும். ஒரு மூட்டின் கோணத்தை மாற்ற `Puppet Warp` உதவும்: தோளிலும் மூட்டிலும் குளம்பிலும் ஒவ்வோர் ஊசி குத்தி, குளம்பை நகர்த்தினால் கால் வளையும். இழுத்ததில் ரோமம் கோடுகோடாக நீண்டிருந்தால், அந்த இடத்தில் மட்டும் 0.3 அளவில் ஒருமுறை உருவாக்கினால் மேல்பரப்பு புதிதாகும், வடிவம் மாறாது.

நிழலை மறந்தால் இவ்வளவும் வீண். அழித்த ஐந்தாவது காலின் நிழல் மண்ணில் அப்படியே கிடப்பதுண்டு. பசுவின் நிழல் பக்கத்துத் தென்னையின் நிழலுக்கு எதிர்த்திசையில் விழுவதும் உண்டு. நிழலைத் தனி லேயரில் எடுத்து, தென்னை நிழலின் சாய்வுக்கு இணையாக வைத்து, குளம்பை ஒட்டிய இடத்தில் அடர்த்தியாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும் வைப்பது வழக்கம். குளம்புகள் எவ்வளவு முயன்றும் ஒத்துவராதபோது, அனுபவமுள்ள எடிட்டர்கள் அதே படத்திலிருந்து ஒரு கொத்துப் புல்லை நகலெடுத்துக் குளம்புக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு பசுவுக்குப் பதில் மந்தை வேண்டுமென்றால் மொத்தமாகக் கேட்பது வீண் முயற்சி. பயிற்சிப் படங்களிலேயே மந்தையின் கால்கள்தான் அதிகம் பின்னிக் கிடந்தவை. தூரத்தில் நிற்கும் பசுவை முதலில் தனி லேயரில் உருவாக்கி, திருத்தி முடித்து, பிறகு அதற்கு முன்னால் நிற்பதைச் சேர்த்து, பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். ஒவ்வொன்றின் உயரத்தையும் அடிவானக் கணக்கில் தனியே போட வேண்டும். கீழ்க்கால் எட்டுப் பிக்சலுக்கும் குறைவாக வரும் தூரத்துப் பசுக்களை உருவாக்கவே வேண்டாம். ஏற்கெனவே சரிசெய்த பெரிய பசுவை நகலெடுத்து, சுருக்கி, தலைப்பக்கம் மாறும்படி திருப்பி, நிழலை மட்டும் வெயில் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி வைத்தால் போதும்.